ஊதாரிப் பிள்ளைக்கு உயில்: "தவணையா கொடுங்க"ன்னு எழுதினா மட்டும் போதாது

உயில் பத்தி நாம போட்ட வீடியோக்களுக்கு அப்புறம் திரும்பத் திரும்ப வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "பையனுக்கு முப்பது வயசாகுது. கையில காசு நிக்காது. மொத்தமா எழுதி வெச்சா ஒரு வருஷத்துல காலி பண்ணிடுவான். எழுதாம விடவும் மனசு வரல. கொஞ்சம் கொஞ்சமா கொடுக்கிற மாதிரி உயில் எழுத முடியுமா?"

முடியும். ஆனா பெரும்பாலானவங்க எழுதுற விதத்துல எழுதினா நிக்காது. அது ஏன் நிக்காது, எப்படி எழுதினா நிக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு உதாரணக் குடும்பத்தை வெச்சுக்குவோம். இது கணக்குக்காக நான் உருவாக்கினது, யாரையும் குறிக்கல. ஏற்காட்டுல வாழவந்திப் பக்கம் ஒரு பெரியவர். நாலு ஏக்கர் காபித் தோட்டம், நிழலுக்கு சில்வர் ஓக், அந்த மரங்கள்ல மிளகுக் கொடி. சேலத்துல பேங்க்ல 60 லட்சம் டெபாசிட். எல்லாம் அவரே சம்பாதிச்சது. மனைவி இல்லை. மகளுக்குக் கல்யாணம் ஆகி 6 வயசுல ஒரு பையன். மகனுக்கு 30 வயசு, அவனுக்கு 4 வயசுல ஒரு பொண்ணு. மகன் கெட்டவன் இல்லை. பைக், நண்பர்களோட பிசினஸ், கந்துவட்டிக் கடன்னு பணம் அவன் கையில தங்குறதில்லை. தோட்டம் மகளுக்கு, டெபாசிட் மகனுக்கு என்பது பெரியவரோட எண்ணம்.

(தோட்டமும் பூர்வீகச் சொத்தா இருந்தா கதை வேற. அதுல மகனுக்கும் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு. பெரியவர் உயில் எழுத முடிவது தன் பங்குக்கு மட்டும்தான். அதே மாதிரி ஏற்காடு மலையில நிறைய குடும்பங்கள் பழங்குடியினர் பட்டியலில் உள்ள மலையாளி சமூகம். அவங்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படியே பொருந்தாது, வழக்கம்தான் முதல்ல பார்க்கப்படும். அப்படிப்பட்டவங்க எழுதுறதுக்கு முன்னாடியே வக்கீலைப் பார்த்துடுங்க.)

வழக்கமா எழுதுற வரி, அது உடையுற இடம்

பெரியவர் பத்திரம் எழுதுறவரிடம் போறார். அவர் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"எனது வங்கி டெபாசிட் தொகை ரூ.60 லட்சத்தை எனது மகனுக்கு முழு உரிமையாக எழுதி வைக்கிறேன். ஆனால் அத்தொகையை அவனுக்கு 35 வயதில் 10 லட்சம், 40 வயதில் 20 லட்சம், 45 வயதில் மீதி என எனது தம்பி கொடுத்து வர வேண்டும்."

படிக்க நல்லாத்தான் இருக்கு. தம்பிதான் டிரஸ்டி, அதாவது இன்னொருத்தருக்காகப் பணத்தைத் தன் பொறுப்புல வெச்சிருந்து, உயில் சொன்னபடி செலவு பண்றவர். மூணு தவணையும் தெளிவா இருக்கு. ஆனா அப்பா போன அடுத்த மாசமே மகன் ஒரு வக்கீலைக் கூட்டிட்டு வந்து மொத்தத்தையும் கேட்டா, சித்தப்பாவால தடுக்க முடியாம போகலாம்.

காரணம் ரெண்டு பிரிவுகள். ஒண்ணு, இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-ன் 138-வது பிரிவு. ஒரு தொகையை ஒருத்தருக்கு முழு உரிமையா கொடுத்துட்டு, அதை இப்படித்தான் அனுபவிக்கணும்னு உயிலில் ஒரு உத்தரவு போட்டா, அந்த உத்தரவே இல்லாத மாதிரி அவர் பணத்தை வாங்கிக்கலாம் என்கிறது இந்தப் பிரிவு. இன்னொண்ணு, இந்திய டிரஸ்ட் சட்டம் 1882-ன் 56-வது பிரிவு. டிரஸ்டில் பலன் பெறுபவர் ஒரே ஒருத்தர், அவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ள மேஜர் என்றால், சொத்தைத் தன் பேருக்கு மாத்திக் கொடுன்னு டிரஸ்டியிடம் கேட்கலாம். பலன் பெறுபவர்கள் பல பேர்னா, எல்லாரும் மேஜரா இருந்து எல்லாரும் ஒரே மனசா கேட்டாலும் அதே நிலைதான்.

சட்டம் இதைப் பார்க்கிற கோணம் இதுதான்: பணம் முழுசா அவனோடது, வேற யாருக்கும் அதுல துளி பங்கு இல்லை, அவன் மைனரும் இல்லை. அப்புறம் யாருக்காகக் காத்திருக்கணும்?

இந்தச் சிந்தனை இங்கிலாந்திலிருந்து வந்தது. அந்த வழக்கு சுவாரசியமானது, கொஞ்சம் சொல்லிடறேன். சாண்டர்ஸ் எதிர் வாட்டியர், 1841. ரிச்சர்ட் ரைட் என்பவர் தன்னிடம் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் பங்குகளை டிரஸ்டிகள் கையில் கொடுத்து, வர்ற டிவிடெண்டைச் சேர்த்துக்கிட்டே வாங்க, டேனியல் வாட்டியருக்கு 25 வயசு ஆனதும் எல்லாத்தையும் கொடுங்கன்னு உயில் எழுதினார். வாட்டியர் 21 வயசுல மேஜர் ஆனதும் இப்பவே கொடுங்கன்னு கோர்ட்டுக்குப் போனார். கோர்ட் கொடுக்கச் சொல்லிடுச்சு. 25 வரைக்கும் காத்திருப்பதால வேற யாருக்கும் லாபம் இல்லை, அவர் இடையில செத்தாலும் பணம் அவர் வாரிசுக்குத்தான் போகும், அப்படின்னா அது ஏற்கெனவே அவர் பணம்தான் என்பது அதன் சாரம்.

அமெரிக்காவில் இதே கேள்வி 1889-ல் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கிளாஃப்லின் எதிர் கிளாஃப்லின். நம்ம பெரியவர் எழுதினது மாதிரியே தவணை உயில்: மகனுக்கு 21 வயசுல 10,000 டாலர், 25-ல் இன்னொரு 10,000, 30-ல் மீதி எல்லாம். 21 தாண்டின மகன், 25 ஆகறதுக்கு முன்னாடியே மொத்தமா கேட்டார். கோர்ட் முடியாதுன்னு சொன்னது. பணம் கொடுத்தவர் என்ன நினைச்சு எழுதினாரோ அதை மதிக்கணும், அதுல சட்டவிரோதம் எதுவும் இல்லை என்றது.

இதை ஏன் சொல்றேன்னா, இணையத்துல "தவணை டிரஸ்ட்", "ஊதாரி டிரஸ்ட்"னு தேடினா கிடைக்கிறது பெரும்பாலும் அமெரிக்கச் சட்டம். அதைப் பார்த்து இங்க அப்படியே எழுதினா சிக்கல். நம்ம சட்டம் இந்த விஷயத்துல வாட்டியர் பக்கம் நிக்குது.

பூட்டு எங்க இருக்கு?

வாட்டியர் தீர்ப்பைத் திருப்பிப் போட்டுப் பாருங்க, வழி தெரியும். வேற யாருக்கும் அந்தப் பணத்துல பங்கு இல்லாததாலதான் பூட்டு திறந்தது. அப்ப, இன்னொருத்தருக்கு உண்மையான பங்கு இருக்கிற மாதிரி எழுதணும். தவணை தேதி வர்றதுக்கு முன்னாடி மகன் இறந்துட்டா, மீதிப் பணம் அவன் வாரிசுகளுக்கோ, அவன் உயில் எழுதி வெச்சவங்களுக்கோ, கடன்காரங்களுக்கோ போகாம, பெரியவர் பேர் சொன்ன வேற ஒருத்தருக்குப் போகணும். மாற்று உரிமை என்பது இதுதான். இதைச் சட்டம் ஏத்துக்குது. 131-வது பிரிவில் வர்ற உதாரணமே இதுதான்: ஒருத்தருக்கு 18 வயசுல கொடுக்கணும்னு ஒரு தொகை, அதுக்கு முன்னாடி அவர் இறந்தா இன்னொருத்தருக்கு.

நம்ம குடும்பத்துல அந்த மாற்று உரிமை யாருக்கு? 4 வயசுப் பேத்திக்கும் 6 வயசுப் பேரனுக்கும். இப்ப 56-வது பிரிவைத் திரும்பப் படிங்க. பலன் பெறுபவர்கள் பல பேர்னா எல்லாரும் மேஜரா இருந்து ஒரே மனசா கேட்கணும். பேத்திக்கு 18 ஆக இன்னும் 14 வருஷம் இருக்கு. அதுவரைக்கும் மகன் எவ்வளவு நல்லாப் பேசினாலும், அக்காவையே சம்மதிக்க வெச்சாலும், மொத்தத்தையும் கொடுங்கன்னு உரிமையா கேட்க முடியாது. மைனர் பேத்தி சார்பா டிரஸ்டி "சரி, எடுத்துக்கோ"ன்னு சொல்லவும் முடியாது.

பேத்திக்கு 18 ஆகும்போது மகனுக்கு 44. கடைசித் தவணை 45-ல். பூட்டு திறக்கிற வயசும் கடைசித் தவணையும் ஏறக்குறைய ஒண்ணா வருது. இது தற்செயல் இல்லை, இப்படி வர்ற மாதிரிதான் வயசைத் தேர்ந்தெடுக்கணும். மாற்று உரிமையை மகளுக்கு மட்டும் எழுதியிருந்தா, அக்காவும் தம்பியும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட அன்னிக்கே டிரஸ்ட் முடிஞ்சுடும். தம்பி அழுதா அக்கா கையெழுத்துப் போடாம இருப்பாளான்னு உங்களுக்கே தெரியும்.

இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகளுக்கு எழுதலாமான்னு கேட்பீங்க. அதுக்கு 113, 114 பிரிவுகள்ல தனிக் கட்டுப்பாடுகள் இருக்கு, தப்பா எழுதினா அந்தப் பகுதியே செல்லாம போகும். இப்ப இருக்கிற பிள்ளைகள் பேரையே எழுதுறது பாதுகாப்பு. புதுசா ஒரு பேரன் பிறந்தா உயிலை மாத்தி எழுதிக்கலாம். உயிலை உயிரோட இருக்கிற வரைக்கும் எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தலாம் என்பது இந்த வழியோட பெரிய வசதி. பையன் திருந்திட்டாலும் மாத்தலாம்.

மாசச் செலவுக்குன்னு எழுதுற இடத்துல இன்னொரு பொறி

45 வயசு வரைக்கும் மகன் சாப்பிடணுமே. அதனால எல்லாரும் "வட்டியை மாதாமாதம் என் மகனுக்குக் கொடுக்க வேண்டும்"னு எழுதுவாங்க. இதுல ரெண்டு பிரச்னை.

முதல்ல, 120-வது பிரிவுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு. குறிப்பிட்ட வயசு வந்தா ஒரு தொகைன்னு எழுதி, அதுவரைக்கும் அந்தத் தொகையோட வருமானத்தை அவனுக்கே கொடுன்னும் எழுதிட்டா, வயசு என்பது நிபந்தனையா எடுத்துக்கப்படாது. தொகை இப்பவே அவனோடது, கைக்கு வர்றது மட்டும்தான் தள்ளிப் போகுதுன்னு அர்த்தமாகும். மாற்று உரிமை எழுதாத உயிலுக்கு இது ஆபத்து, நேரா வாட்டியர் கதைக்குக் கொண்டு போய் விட்டுடும். மாற்று உரிமை தெளிவா இருந்தா, பணம் அவன் பேர்ல நின்னாலும் இடையில அவன் இறந்தா பேத்திக்கும் பேரனுக்கும் போகும் என்கிற கட்டோடதான் நிற்கும்.

ரெண்டாவது கடன்காரர். "மாதம் 22,000 கொடுக்க வேண்டும்"னு உயிலில் கட்டாயமா எழுதினா, அது மகனுக்கு ஒரு உரிமை. டிரஸ்ட் சட்டம் 58-வது பிரிவுப்படி பலன் பெறும் மேஜர் தன் உரிமையை இன்னொருத்தருக்கு மாத்திக் கொடுக்கலாம். வட்டிக்கு விடுறவர் விவரமானவரா இருந்தா, அடுத்த அஞ்சு வருஷத்து 22,000-ஐயும் எழுதி வாங்கிட்டு மூணு லட்சத்தைக் கையில் கொடுத்துட்டுப் போவார். "விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது"ன்னு எழுதிட்டா தீர்ந்துச்சேன்னு நினைக்காதீங்க. முழு உரிமையைக் கொடுத்துட்டு விற்கக் கூடாதுன்னு தடை போட்டா நம்ம சட்டத்துல அந்தத் தடை நிற்காது.

அதனால மாசத் தொகையை மகனோட உரிமையா எழுதாதீங்க, டிரஸ்டியோட முடிவா எழுதுங்க. "டிரஸ்டிகள் தங்கள் விருப்பப்படி, தேவை என்று கருதும் அளவு, என் மகன், அவன் மனைவி, மகள் ஆகியோரில் யாருக்காவது அல்லது எல்லோருக்கும் உணவு, வீட்டு வாடகை, மருத்துவம், படிப்பு ஆகியவற்றுக்காகச் செலவிடலாம்." இப்ப அடகு வைக்க அவன் கையில குறிப்பிட்ட தொகை எதுவும் இல்லை. வீட்டு வாடகை நேரா வீட்டுக்காரருக்கு, ஸ்கூல் ஃபீஸ் நேரா ஸ்கூலுக்கு, ஆஸ்பத்திரி பில் நேரா ஆஸ்பத்திரிக்கு. டிரஸ்டி இதை இஷ்டத்துக்கு மறுக்கவும் முடியாது. நியாயமாவும் நல்லெண்ணத்தோடவும் முடிவெடுக்கலைன்னா கோர்ட் தலையிடலாம் என்கிறது 49-வது பிரிவு.

60 லட்சத்தை ஓட்டிப் பார்ப்போம்

டெபாசிட் வட்டி 7 சதவீதம்னு வெச்சுக்குவோம் (இது கணக்குக்கு மட்டும், பேங்க் வட்டி மாறிக்கிட்டே இருக்கும்). 60 லட்சத்துக்கு வருஷம் 4,20,000, மாசம் 35,000. குடும்பச் செலவுக்கு மாசம் 22,000 போனா வருஷம் 2,64,000. டிரஸ்டிக்கு மாசம் 3,000 கொடுத்தா 36,000. மீதி 1,20,000 வரி, மருத்துவ இன்சூரன்ஸ், அவசரம்.

மகனுக்கு 35-ல் 10 லட்சம் போகுது. மீதி 50 லட்சத்துக்கு வட்டி மாசம் சுமார் 29,000. பரவாயில்லை. 40-ல் 20 லட்சம் போனதும் மிச்சம் 30 லட்சம், வட்டி மாசம் 17,500. இப்ப 22,000 கொடுக்கவே முடியாது! அதுக்குள்ள விலைவாசியும் பத்து வருஷம் ஏறியிருக்கும். மாசத் தொகையை ரூபாயில் உறைய வெச்சு எழுதினா என்ன ஆகும்னு இப்ப தெரியுதா? டிரஸ்டி அசலைத் தொடலாமா கூடாதான்னு உயிலில் ஒரு வரி இல்லைன்னா, 41 வயசுல பேத்தியோட ஃபீஸ் கட்டக்கூட அவர் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிற்பார். "வட்டி போதாதபோது மருத்துவம், படிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் அசலிலிருந்து எடுக்கலாம்" என்கிற ஒரு வரி போதும்.

என் கருத்து என்னன்னா, நடுத் தவணை பெருசா இருக்கக் கூடாது. 35-ல் 10, 40-ல் 10, 45-ல் மீதி என்பது இந்தக் குடும்பத்துக்கு நல்லது. முதல் 10 லட்சம் ஒரு பரீட்சை மாதிரி. அதை என்ன பண்றான்னு டிரஸ்டி பார்த்துக்குவார். கடன் தலைக்கு மேல இருக்கிற நேரத்துல தவணை வந்தா, அதைத் தள்ளி வைக்கிற அதிகாரத்தையும் டிரஸ்டிக்குக் கொடுக்கலாம். ஆனா ஒரு கடைசி எல்லை வேணும், 45-க்கு மேல தள்ளக் கூடாதுன்னு. இதுக்கு ஒரு சட்டக் காரணமும் இருக்கு. வருமானத்தைச் செலவு பண்ணாம சேர்த்துக்கிட்டே போகச் சொல்ற உத்தரவு, எழுதினவர் இறந்து 18 வருஷத்துக்கு மேல பொதுவா செல்லாது (117-வது பிரிவு, சில விலக்குகள் தவிர). பெரியவர் நாளைக்கே காலமானாலும் மகன் 30-லிருந்து 45 வரை 15 வருஷம்தான், எல்லைக்குள்ள இருக்கோம்.

"திருந்தினால் கொடு", "நல்லவனாக நடந்துகொண்டால் கொடு"ன்னு மட்டும் எழுதாதீங்க. திருந்தினானா இல்லையான்னு யார் சொல்றது? அது நேரா கோர்ட்டுக்குப் போற வரி. வயசு, தொகை, தேதி மாதிரி அளக்க முடிஞ்ச விஷயங்களா இருக்கட்டும். அதே மாதிரி "என் ஊதாரி மகன்"னு உயிலில் திட்டி எழுதவும் தேவையில்லை. அந்தக் காகிதத்தை ஒரு நாள் பேத்தியும் படிப்பா.

உயில் சரியா இருந்தும் பணம் நழுவுற ஓட்டை

இந்த ஒரு பத்தியை மட்டுமாவது வீட்டுல படிச்சுக் காட்டுங்க. அந்த 60 லட்சம் டெபாசிட்டுக்கு நாமினி யார்? பல வருஷம் முன்னாடி பேங்க்ல ஃபார்ம் நிரப்பும்போது மகன் பேரைப் போட்டிருப்பார். பெரியவர் போனதும் பேங்க் உயிலைத் தேடாது, நாமினி கையில பணத்தைக் கொடுத்துடும். பேங்க் டெபாசிட்ல நாமினி என்பவர் வாங்கி வைக்கிறவர்தான், உரிமையாளர் இல்லை என்பது சட்டம். அதைச் சொல்லி டிரஸ்டி கேஸ் போடலாம். போடுறதுக்குள்ள பணம் இருக்கணுமே? "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்"னு மகனோட ஜாயின்ட் அக்கவுன்ட் இருந்தாலும் இதே கதிதான்.

ஆயுள் காப்பீட்டுல நிலைமை இன்னும் கடுமை. 2015-ல் திருத்தப்பட்ட இன்சூரன்ஸ் சட்டம் 39-வது பிரிவுப்படி, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள்னு நெருங்கிய உறவு நாமினியா இருந்தா, பலனுக்கு உரியவரும் அவரேன்னு எடுத்துக்கப்படும். அப்பா பாலிசியில மகன் நாமினின்னா, அந்தப் பணத்தை இந்த டிரஸ்டுக்குள்ள கொண்டு வர்றது கஷ்டம். அதனால உயில் கையெழுத்தான வாரமே ஒவ்வொரு டெபாசிட், பாலிசி, போஸ்ட் ஆபீஸ் கணக்கையும் எடுத்து வெச்சு நாமினியைச் சரிபாருங்க. டெபாசிட்ல டிரஸ்டியா வரப்போறவர் பேரையே நாமினியா போடலாம்.

யாரை டிரஸ்டியா போடுறது?

மாப்பிள்ளையை, அதாவது மகளோட கணவரை, பலர் நினைப்பாங்க. பொறுப்பானவராவே இருக்கலாம். ஆனா நம்ம உயிலில் மகன் இடையில இறந்தா ஒரு பங்கு அவரோட மகனுக்குப் போகுது. மச்சான் ஆஸ்பத்திரி செலவுக்குக் கேட்கும்போது அவர் நியாயமா மறுத்தாலும், "உன் பையனுக்குச் சேர்த்து வைக்கிறியா"ன்னு பேச்சு வரும். பணத்துல சம்பந்தமே இல்லாத ஒருத்தரும், கணக்குத் தெரிஞ்ச ஒருத்தரும்னு ரெண்டு பேர் போதும். சித்தப்பா மகன் ஒருத்தர், குடும்ப ஆடிட்டர் ஒருத்தர்னு வெச்சுக்கலாம். ரெண்டு பேருமே சேர்ந்துதான் முடிவெடுக்கணும் என்பது 48-வது பிரிவு, உயில் வேற மாதிரி சொல்லாத வரைக்கும். வயசானவரை மட்டும் போட்டா அவர் மகனுக்கு முன்னாடி போயிடுவார், அதனால மாற்று டிரஸ்டி ஒருத்தர் பேரும் எழுதிடுங்க. எழுதறதுக்கு முன்னாடி அவங்களைக் கேட்டுடுங்க. ஒருதடவை ஏத்துக்கிட்டா நினைச்ச நேரத்துல விலகிப் போயிட முடியாத பொறுப்பு இது.

சம்பளம் பத்தி உயிலில் எழுதலைன்னா டிரஸ்டிக்குச் சம்பளம் கேட்க உரிமை இல்லை (50-வது பிரிவு). 15 வருஷம் ஒருத்தர் சும்மா பேங்குக்கும் ஸ்கூலுக்கும் அலைவாரா? சின்னத் தொகையாவது எழுதுங்க. முதலீடு எங்க பண்ணலாம்னும் எழுதுங்க. எழுதலைன்னா 20-வது பிரிவு அனுமதிக்கிற இடங்கள்ல மட்டும்தான் போட முடியும். வருஷா வருஷம் கணக்கை மகனுக்கும் மகளுக்கும் ஒரு தாள்ல கொடுக்கணும்னு சேர்த்துட்டா பாதிச் சண்டை வராது.

தோட்டத்தை ஏன் இந்த டிரஸ்டுல வைக்கலைன்னு சிலர் கேட்கலாம். காபி வருமானம் வருஷத்துக்கு ஒரு பருவம், பனிக்காலத்துப் பறிப்பு முடிஞ்சாத்தான் காசு. ஆள்கூலி, உரம், கவாத்துன்னு செலவு வருஷம் முழுக்க. டிரஸ்டி சேலத்துல உட்கார்ந்துக்கிட்டு வாழவந்தியில தோட்டம் பார்க்க முடியாது. நிலம் அப்படியே இருக்கும்போதே சில்வர் ஓக் ஒவ்வொண்ணா வெட்டுப்பட்டு, அது மேல படர்ந்த மிளகும் சேர்ந்து போற ஆபத்தும் உண்டு. மகளுக்கு ஆர்வம் இருக்குன்னா தோட்டத்தை அவளுக்கே எழுதுறது நல்லது. மகனுக்குத்தான் தோட்டம்னா, குத்தகைக்கு விடவும் தேவைப்பட்டா விற்கவும் டிரஸ்டிக்கு அதிகாரம் எழுதியே ஆகணும்.

வரி விஷயம் சுருக்கமா. டிரஸ்டுக்குத் தனி பான், தனி அக்கவுன்ட். டிரஸ்டி விருப்பப்படி செலவு பண்ற டிரஸ்டுக்குப் பொதுவா உச்சபட்ச விகிதத்துல வரி. ஆனா 1961 சட்டத்தின் 164-வது பிரிவில், உயிலால் உருவான டிரஸ்ட், அந்த நபர் உயிலால் உருவாக்கிய ஒரே டிரஸ்ட் என்றால் சாதாரண ஸ்லாப் கணக்குக்கு இடம் இருந்தது. ஒரே உயிலில் பையனுக்கு ஒண்ணு, பேத்திக்கு ஒண்ணுன்னு ரெண்டு டிரஸ்ட் எழுதினா இந்தச் சலுகையில கை வைக்கிறோம். வருமான வரிச் சட்டம் புதுசா வந்ததுல பிரிவு எண்கள் மாறியிருக்கு, எழுதும்போது ஆடிட்டரிடம் இப்போதைய நிலையைக் கேட்டுக்கங்க.

கடைசியா, உயிலில் இருக்க வேண்டிய வரிகள்

வக்கீலிடம் எடுத்துட்டுப் போக ஒரு மாதிரி. இதை அப்படியே கையெழுத்துப் போட்டுடாதீங்க, உங்க குடும்பத்துக்கு ஏத்த மாதிரி அவர் மாத்தணும்.

"எனது டெபாசிட் தொகைகளை எனது டிரஸ்டிகளிடம் நம்பிக்கைப் பொறுப்பாக ஒப்படைக்கிறேன். எனது மகன் 35 வயதில் உயிரோடிருந்தால் ரூ.10 லட்சமும், 40 வயதில் உயிரோடிருந்தால் ரூ.10 லட்சமும், 45 வயதில் உயிரோடிருந்தால் மீதி முழுவதும் அவனுக்குச் சேர வேண்டும். 45 வயதுக்கு முன் அவன் இறந்துவிட்டால், அப்போது டிரஸ்டிகள் வசம் மீதியுள்ள தொகை முழுவதும் எனது பேத்திக்கும் பேரனுக்கும் சம பங்காகச் சேர வேண்டும்."

"முழு உரிமையாக எழுதி வைக்கிறேன்" என்கிற சொல் இதுல எங்கேயும் இல்லைன்னு கவனிங்க. பத்திரம் எழுதுறவர் பழக்கத்துல அதைச் சேர்த்துடுவார். டைப் பண்ண பிரதியை வாங்கி, அந்த வார்த்தை இருக்கான்னு தேடிப் பார்த்து அடிக்கச் சொல்லுங்க.

சாட்சி ரெண்டு பேர் வேணும். மகனோ, மகளோ, டிரஸ்டியோ சாட்சியா வேண்டாம். உங்களைவிட வயசு குறைஞ்சவங்களா பாருங்க, ஏன்னா நாளைக்கு வழக்குன்னு வந்தா சாட்சிகள்ல ஒருத்தராவது கோர்ட்டுல வந்து சொல்லணும். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவும் கட்டாயம் இல்லை. ஆனா மகன் எதிர்க்க வாய்ப்புள்ள இந்த மாதிரி உயிலைச் சார்பதிவாளர் அலுவலகத்துல பதிவு பண்றதுதான் புத்திசாலித்தனம். சென்னையில சொத்து எதுவும் இல்லாத, சேலம் மாவட்டத்துக்குள்ளேயே எல்லாம் இருக்கிற இந்துக் குடும்பத்துக்கு புரொபேட், அதாவது உயில் உண்மைன்னு கோர்ட் தரும் சான்று, கட்டாயம் இல்லை. இருந்தாலும் பெரிய தொகைன்னா சில பேங்க்ல கேட்பாங்க, டிரஸ்டி அதுக்கும் தயாரா இருக்கணும்.